மார்ஃபின் மாத்திரை வீட்டு வாசல் வரை போய்ச் சேர

கேள்வி: எங்கள் ஒன்றியத்தில் புற்றுநோய் முற்றி, "இனிமே வீட்ல வச்சுப் பாத்துக்குங்க" என்று அனுப்பப்பட்டவர்கள் வலியில் துடிக்கிறார்கள். மார்ஃபின் மலிவான மருந்து என்கிறார்கள், ஆனால் எந்தக் கடையிலும் இல்லை. வீட்டுக்கே போய்ப் பார்க்கும் சேவையோடு இதைக் கொடுக்க என்னென்ன வேண்டும்? பழக்கமாகிவிடாதா, வீட்டில் வைத்திருப்பது ஆபத்தில்லையா?

மலிவு என்பது உண்மைதான். 10 மில்லிகிராம் மார்ஃபின் மாத்திரைக்குச் சில ரூபாய்தான் விலை. நோயாளிக்கும் அந்த மாத்திரைக்கும் நடுவே நிற்பவை மூன்று. முதலாவது, மார்ஃபினைச் சட்டப்படி இருப்பு வைக்க அங்கீகாரம் பெற்ற மருத்துவமனை ஒரு பேருந்துப் பயணத் தொலைவில் இருக்க வேண்டும். இரண்டாவது, அதை எழுதிக்கொடுக்கப் பயிற்சி பெற்ற ஒரு மருத்துவர் அங்கே இருக்க வேண்டும். மூன்றாவது, மாத்திரை தொடங்கிய முதல் வாரத்தில் வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் செவிலியர் வேண்டும். முதல் இரண்டும் அமைந்து மூன்றாவது இல்லாத இடங்களில், மாத்திரை வீட்டுக்கு வந்த பிறகும் வலி தீராமல் கிடப்பவர்கள் நிறையப் பேர். அதனால் சட்டத்தையும் இருப்பையும் ஓரளவு சொல்லிவிட்டு, அந்த முதல் வாரத்தைப் பற்றிக் கூடுதலாக எழுதுகிறேன்.

கடையில் ஏன் இல்லை என்பதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. மார்ஃபின் அபினிலிருந்து எடுக்கப்படுவது. உலகத்துக்கே மருந்துக்கான அபினை ஏற்றுமதி செய்யும் நாடு இந்தியா. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மூன்று மாநிலங்களில் அரசு உரிமத்தோடு அபின் தரும் கசகசாச் செடி பயிராகிறது. நீமச்சிலும் காஜிப்பூரிலும் அரசின் அபின் ஆலைகள் இருக்கின்றன. ஆனால் 1985-இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம், கடத்தலுக்குக் கடுமையான தண்டனையோடு, மருத்துவமனைகளுக்கும் பல துறைகளின் உரிமங்களைக் கட்டாயமாக்கியது. ஒரு உரிமம் கைக்கு வருவதற்குள் இன்னொன்று காலாவதியாகிவிடும். மருந்தாளுநர்கள் கணக்கில் ஒரு மாத்திரை குறைந்தாலும் ஜெயில் என்று பயந்து, வாங்குவதையே நிறுத்தினார்கள். விளைவாக, நாட்டின் மார்ஃபின் பயன்பாடு 90 சதவீதத்துக்கும் மேல் சரிந்து, 1997-இல் மொத்த இந்தியாவுக்கும் 18 கிலோ என்ற அளவுக்கு வந்தது. மார்ஃபினை எழுதியே பார்க்காத ஒரு மருத்துவர் தலைமுறை அப்படித்தான் உருவானது. இன்றைக்கு உரிமம் எளிதான பிறகும் மருத்துவரின் கை தயங்குவதற்கு அந்த இடைவெளிதான் காரணம்.

2014-இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன், கோடீன், ஆக்ஸிகோடோன், ஹைட்ரோகோடோன் ஆகிய ஆறும் அத்தியாவசிய போதை மருந்துகள் என்று வகைப்படுத்தப்பட்டன. இவற்றுக்கு இப்போது நாடு முழுவதும் ஒரே விதிதான். பல உரிமங்களுக்குப் பதிலாக, மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி ஒருவரே மருத்துவமனைக்கு அங்கீகாரம் தருகிறார். விண்ணப்பிக்கும் மருத்துவமனை, வலி நிவாரணத்திலும், குணமாகாத நோயில் துன்பத்தைக் குறைக்கும் நோய் ஆதரவு சிகிச்சையிலும் பயிற்சி பெற்ற ஒரு மருத்துவரைப் பொறுப்பாளராகக் காட்ட வேண்டும். பூட்டிய அலமாரி, தனி இருப்புப் பதிவேடு, ஆண்டுத் தேவைக் கணக்கு, ஆண்டுப் பயன்பாட்டுக் கணக்கு ஆகியவையும் வேண்டும். ஒன்றிய அளவில் இதை எட்டிப் பிடிக்க முடியும். அரசு தாலுகா மருத்துவமனையோ, தொண்டு நிறுவனம் நடத்தும் சிறு மருத்துவமனையோ அங்கீகாரம் பெறலாம். ஆகவே நீங்கள் முதலில் கேட்க வேண்டியது, "எங்கள் தாலுகா மருத்துவமனைக்கு இந்த அங்கீகாரம் இருக்கிறதா, பொறுப்பு மருத்துவர் யார், அவர் மாற்றலாகிப் போனால் அடுத்தவர் யார்?" என்பதுதான். கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. பயிற்சி பெற்ற ஒரே மருத்துவர் இடமாற்றத்தில் போனதும் மாத்திரை வழங்குவது நின்றுபோவது அடிக்கடி நடப்பது. எப்போதும் இரண்டு பேருக்குப் பயிற்சி இருக்க வேண்டும்.

அடுத்தது எவ்வளவு வாங்குவது என்ற கணக்கு. இங்கே பெரும்பாலானவர்கள் போன வருடம் செலவானதைப் பார்த்து அதையே கேட்கிறார்கள். போன வருடம் மருந்தே இல்லாததால்தான் செலவு குறைந்தது என்பது அந்தக் கணக்கில் தெரியாது. நோயாளிகளின் எண்ணிக்கையிலிருந்து தொடங்குங்கள். இந்தியாவில் லட்சம் பேருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 60 பேர் புற்றுநோயால் இறக்கிறார்கள். ஒன்றரை லட்சம் பேர் வாழும் ஒன்றியத்தில் அது 90. அவர்களில் பத்தில் எட்டுப் பேருக்குக் கடைசி மாதங்களில் மார்ஃபின் தேவைப்படும் என்று வைத்தால் 72 பேர். ஒருவருக்கு நாளொன்றுக்கு சராசரியாக 60 மில்லிகிராம், 90 நாள் என்றால் 5.4 கிராம். எல்லாருக்கும் கொடுத்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 390 கிராம், அதாவது 39,000 மாத்திரை. முதல் வருடத்திலேயே எல்லாரையும் எட்ட முடியாது. மூன்றில் ஒரு பங்கை, 24 பேரை, எட்டினால் 13,000 மாத்திரை. மாதத்துக்கு ஆயிரத்துச் சொச்சம். கொள்முதல் ஆணை போட்டு சரக்கு வர வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால், அலமாரி இருப்பு இரண்டு மாத அளவுக்கு, அதாவது 2,200 மாத்திரைக்கு, இறங்கும்போதே அடுத்த ஆணை போய்விட வேண்டும். "தீர்ந்ததும் எழுதலாம்" என்று இருந்துவிட்டால், மார்ஃபின் எடுத்துக்கொண்டிருக்கும் ஒருவருக்குத் திடீரென்று மருந்து நின்றுபோகும். வலி திரும்புவதோடு, வியர்வை, நடுக்கம், வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை என்று உடல் படாதபாடு படும்.

பழக்கமாகிவிடாதா என்ற உங்கள் பயத்துக்கும் இந்த இடத்திலேயே பதில் இருக்கிறது. சில வாரம் தொடர்ந்து எடுத்தபின் சட்டென்று நிறுத்தினால் உடல் துன்பப்படும். இது எல்லாருக்கும் நடக்கும். அளவைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினால் தவிர்க்கலாம். போதைக்காக மருந்தைத் தேடி அலைவது இதிலிருந்து முற்றிலும் வேறு. புற்றுநோய் வலிக்கு, மருத்துவர் பார்வையில், நேரப்படி வாய்வழியாகக் கொடுக்கும்போது அது அரிது. கேரளத்தில் கோழிக்கோட்டை மையமாகக் கொண்ட சேவையில், இரண்டு ஆண்டுகளில் வாய்வழி மார்ஃபின் பெற்ற 1,723 பேரைப் பற்றிய ஆய்வு 2001-இல் வெளியானது. பெரும்பாலும் வீட்டில் வைத்தே மாத்திரை எடுத்துக்கொண்ட அவர்களிடையே தவறான பயன்பாடோ, மருந்து வெளியே கைமாறியதோ ஒன்றுகூடப் பதிவாகவில்லை. அதற்காகப் பாதுகாப்பு வேண்டாம் என்று பொருள் கொள்ளாதீர்கள். அந்தச் சேவையில் கணக்கும் கவனமும் இருந்தன.

இனி வீடு. தமிழ்நாட்டில் இதற்கு ஓர் அடித்தளம் ஏற்கெனவே இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளோடு, ஒன்றிய அளவில் நோய் ஆதரவு சிகிச்சைக்கென ஒரு செவிலியரும் இயன்முறை சிகிச்சையாளரும் வீடுகளுக்குப் போகிறார்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களின் பட்டியல் அவர்களிடம் இருக்கும். ஆனால் அந்தச் செவிலியர் பையில் மார்ஃபின் இருக்குமா, அவருக்குப் பின்னால் போனில் பேச ஒரு மருத்துவர் இருக்கிறாரா என்பது இடத்துக்கு இடம் வேறுபடும். இந்தியாவில் செவிலியர் மார்ஃபின் எழுதிக்கொடுக்க முடியாது. உகாண்டாவில், மருத்துவர்கள் மிகக் குறைவு என்பதால், சிறப்புப் பயிற்சி பெற்ற செவிலியர்கள் எழுதிக்கொடுக்கலாம் என்று 2004-இல் சட்டமே மாற்றினார்கள். மார்ஃபின் பொடியைத் தண்ணீரில் கரைத்து பாட்டிலில் ஊற்றி அரசே இலவசமாகக் கொடுக்கிறது. நமக்கு அந்த வழி இல்லாததால், மருத்துவர் முதல் சீட்டிலேயே "வலி பத்துக்கு 5-க்கு மேல் இருந்தால் இன்ன அளவுக்கு ஏற்றலாம், தூக்கம் அதிகமானால் இன்ன அளவுக்கு இறக்கலாம், இரண்டுக்கும் முன் எனக்குப் போன்" என்று எழுதிக்கொடுப்பதுதான் நடைமுறையில் கைகொடுக்கும் ஏற்பாடு.

ஒரு நோயாளியை வைத்து முழுவதும் சொல்கிறேன். இது விளக்குவதற்காக அமைத்த உதாரணம். அளவுகளை நிர்ணயிப்பது பொறுப்பு மருத்துவரின் வேலை.

கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு முடித்து, இரண்டு ஆண்டு கழித்து நோய் திரும்பிய 55 வயதுப் பெண். எடை 38 கிலோ. இடுப்பில் ஆழமான வலி, அதோடு வலது தொடை வழியாக எரிச்சலாக இறங்கும் வலி. பத்துக்கு எவ்வளவு என்று கேட்டால் 8 என்கிறார். இரவில் உட்கார்ந்தே இருக்கிறார். டிரமடால் என்ற வலி மாத்திரை, 50 மில்லிகிராம், தினம் மூன்று. அதற்கும் மேலே, பக்கத்து ஊரில் வலி ஊசி, ஊசிக்கு இருநூறு ரூபாய். மகன் கூலி வேலைக்குப் போகிறவர்.

முதலில் அந்த ஊசி என்ன என்று பாருங்கள். பெரும்பாலும் டைக்ளோஃபெனாக். இந்தப் புற்றுநோய் பரவும்போது சிறுநீர்க் குழாய்களை நெரித்துச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதன்மேல் டைக்ளோஃபெனாக் போவது எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றுவதுதான். அதை நிறுத்தச் சொல்லி, சிறுநீரகத்தின் நிலையை அறிய இரத்தத்தில் கிரியாட்டினின் பார்க்க எழுதுகிறார் மருத்துவர். டிரமடாலும் நிற்கிறது. அதுவும் மார்ஃபினும் ஒரே வகை என்பதால் சேர்த்துக் கொடுப்பதில் பயனில்லை. பாரசிட்டமால் தொடரலாம்.

மார்ஃபின் தொடக்கம்: 10 மில்லிகிராம் மாத்திரையில் பாதி, நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை. காலை 6, 10, பிற்பகல் 2, மாலை 6. இரவு 10 மணிக்கு முழு மாத்திரை. அந்த இரட்டைப் பங்கு, விடிகாலை 2 மணிக்கு எழுப்ப வேண்டாம் என்பதற்காக. மொத்தம் நாளைக்கு 30 மில்லிகிராம், மூன்று மாத்திரை. இவரை விடத் தளர்ந்த முதியவர் என்றால் கால் மாத்திரையில் தொடங்குவார்கள். நடுவில் வலி குத்தினால் அரை மாத்திரை கூடுதலாகப் போட்டுக்கொள்ளலாம், அதைத் தாளில் குறிக்க வேண்டும். அடுத்த நேர மாத்திரையை அதற்காகத் தள்ளிப்போடக் கூடாது. எரிச்சல் வலிக்கு இரவில் அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம். முதல் சில நாளுக்குக் குமட்டல் வந்தால் மெட்டோகுளோப்ரமைட்.

இன்னொன்று, மறக்கவே கூடாதது: மலச்சிக்கலுக்கு பிசகோடில் 5 மில்லிகிராம் மாத்திரை இரண்டு, தினம் இரவு, முதல் நாளிலிருந்தே. மார்ஃபின் தரும் தூக்கமும் குமட்டலும் சில நாளில் உடலுக்குப் பழகிவிடும். மலச்சிக்கல் பழகாது. மருந்து போகிற வரைக்கும் அதுவும் இருக்கும். பேதி மாத்திரை எழுதாத மார்ஃபின் சீட்டைச் செவிலியர் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது என் கருத்து. எட்டு நாள் மலம் கழியாமல் வயிறு கல்லாகி, "இந்த மாத்திரையே வேணாம்" என்று நோயாளியே வெறுத்து நிறுத்துவதை, வீட்டுச் சேவை செய்கிற எல்லாரும் பார்த்திருப்பார்கள்.

முதல் வாரத்துக்கு 40 மாத்திரை கொடுக்கிறார்கள். நேரப்படி 21, மீதி இடைவலிக்கும் அளவு கூடினால் தேவைப்படுவதற்கும். எழுதப் படிக்கத் தெரியாத வீடு என்றால், தாளில் சூரியன், உச்சி வெயில், விளக்கு, நிலா என்று படம் போட்டு, ஒவ்வொன்றின் எதிரே அரை வட்டமோ முழு வட்டமோ வரைந்து தர வேண்டும். அரை மாத்திரையாக உடைப்பதைச் செவிலியர் கண்ணெதிரே செய்துகாட்டி, வீட்டாரைச் செய்யச் சொல்லிப் பார்க்க வேண்டும். ஈரக் கையால் உடைத்து நொறுங்கிப் போகிற மாத்திரைகளால்தான் கணக்கு முதலில் உதைக்கும்.

இரண்டாம் நாள் செவிலியர் போன் செய்கிறார். மகள் சொல்கிறாள்: "ராத்திரி நல்லாத் தூங்குனாங்கக்கா. பகல்லயும் தூங்கிட்டே இருக்காங்க. பாத்துட்டு மத்தியான மாத்திரைய விட்டுட்டோம்." முதல் வாரத்தில் ஆளுக்கு ஆள் நடக்கும் தவறு இதுதான். பல வாரம் வலியில் தூங்காதவர் வலி குறைந்ததும் தூங்கத்தான் செய்வார். கூப்பிட்டால் கண் திறந்து பதில் சொல்கிறாரா, சாப்பிட எழுந்திருக்கிறாரா என்பதுதான் கேள்வி. பதில் சொன்னால் மருந்தைத் தொடரலாம். இரண்டு மூன்று நாளில் அந்தத் தூக்கம் தெளிந்துவிடும். எழுப்பவே முடியவில்லை, மூச்சு நிமிடத்துக்கு எட்டு பத்துக்குக் கீழே மெதுவாகிறது, கண்மணி ஊசிமுனை போல் சுருங்கியிருக்கிறது என்றால் அது வேறு. அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல் உடனே மருத்துவரை அழைக்க வேண்டும். மூச்சு குறைவதற்கு முன் இந்தத் தூக்கம் வந்தே தீரும் என்பதால், வீட்டார் தூக்கத்தைக் கவனித்தாலே போதும்.

மூன்றாம் நாள் விட்ட மாத்திரைகள் இல்லாமல் ஒழுங்காகப் போயிருக்கிறது. வலி 5. நடுவில் மூன்று முறை அரை மாத்திரை போட்டிருக்கிறார். ஆக நேற்று உண்மையில் உள்ளே போனது 30 உடன் 15, மொத்தம் 45. அளவை ஏற்றும்போது, உண்மையில் போனதிலிருந்து மூன்றில் ஒன்று முதல் பாதி வரை கூட்டலாம். 60 என்று முடிவாகிறது. அதாவது ஒவ்வொரு வேளைக்கும் ஒரு முழு மாத்திரை, இரவில் இரண்டு. உடைக்கும் வேலையும் போயிற்று. இடைவலிக்கு இனி ஒரு முழு மாத்திரை. ஐந்தாம் நாள் வலி 2, மடியில் பேத்தியை வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்கிறார். தொடை எரிச்சல் மட்டும் கொஞ்சம் மிச்சம். அதற்கு மார்ஃபினை மேலும் ஏற்றுவதை விட, அமிட்ரிப்டிலினை 25 ஆக்குவதுதான் சரி. நரம்பு வலியை மார்ஃபினால் மட்டும் அடக்கப் பார்த்தால், தூக்கம் ஏறும், எரிச்சல் அப்படியே நிற்கும்.

இப்போது இரண்டு வாரத்துக்கு நூறு மாத்திரை. நேரப்படி 84, இடைவலிக்கு மீதி. இந்த மாத்திரையை வாங்க நோயாளியை ஆட்டோவில் தூக்கிவரச் சொல்லும் மருத்துவமனைகள் இருக்கின்றன. சீட்டும் கணக்குத் தாளும் கொண்டுவரும் உறவினரிடம் கொடுத்தால் போதும். ஒவ்வொரு முறையும் ஆட்டோ வாடகையும் மகனின் ஒரு நாள் கூலியும் போனால், மூன்றாவது முறை அவர் வரமாட்டார். மார்ஃபின் மலிவு என்று நாம் சொல்வது அந்த வீட்டுக் கணக்கில் பொய்யாகிவிடுகிறது.

ஐந்தாவது வாரம் செவிலியர் போகும்போது, கை வெட்டி வெட்டி இழுக்கிறது, பேச்சு குழறுகிறது, காலில் வீக்கம். கேட்டால், சிறுநீர் இரண்டு நாளாகக் குறைவு. அளவு மாறவில்லை, ஆனால் மருந்து ஏறியதுபோல் தெரிகிறது. இங்கே சிறுநீரகம்தான் சந்தேகம். மார்ஃபின் கல்லீரலில் மாறி உண்டாகும் பொருள்கள் சிறுநீரகம் வழியாக வெளியேற வேண்டும். அது செயலிழக்கும்போது அவை தேங்கும். உறவினர் நினைப்பது போல "நோய் மூளைக்குப் போயிருச்சு" என்று முடிவுகட்டவும் கூடாது, வலி அதிகமாகித்தான் இழுக்கிறது என்று மார்ஃபினை ஏற்றவும் கூடாது. மருத்துவர் ஒன்றிரண்டு வேளையை விட்டுத் தெளிவு வரும்வரை பார்த்து, 5 மில்லிகிராம் எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை என்று அளவையும் குறைத்து இடைவெளியையும் நீட்டுகிறார். ஃபென்டனில் ஒட்டுப்பட்டை இந்த நிலையில் மேலானது. ஆனால் விலை பல மடங்கு, கிராமப் பகுதியில் கிடைப்பதும் அரிது. எலும்போடு ஒட்டிய உடம்பிலும் காய்ச்சலிலும் மருந்து தோல்வழி இறங்கும் அளவு தாறுமாறாகும். அது கிடைக்கும் வரை காத்திராமல், குறைந்த மார்ஃபினைக் கவனமாகக் கொடுப்பதே வழி.

கடைசி நாட்களில் விழுங்க முடியாமல் போகும். அப்போதுதான் பல வீடுகள் பதறி ஆம்புலன்சை அழைத்து, பொது வார்டில் தரையில் படுக்க வைக்கும் நிலை வருகிறது. இதை முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். சாதாரண மார்ஃபின் மாத்திரையை அதே அளவில் ஆசனவாய் வழியாக வைக்கலாம். தோலுக்கடியில் சிறு பட்டாம்பூச்சி ஊசி ஒன்றைப் பொருத்தி வைத்து ஊசி மருந்தாகவும் கொடுக்கலாம். அப்போது அளவு வாய்வழி அளவில் பாதி அல்லது மூன்றில் ஒன்று. மெதுவாகக் கரையும் மாத்திரை எடுப்பவர் என்றால் இன்னொரு எச்சரிக்கை: அதை எந்தக் காரணத்துக்காகவும் உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. பன்னிரண்டு மணி நேரத்துக்கான மருந்து ஒரே நேரத்தில் இறங்கிவிடும். அரை மாத்திரை உடைத்துப் பழகிய வீட்டில் இந்தத் தவறு எளிதாக நடக்கும். அட்டையில் பெரிதாக எழுதிக்கொடுங்கள்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, பூட்டுள்ள தகர டப்பா ஒன்று, சாவி ஒருவரிடம், குழந்தைகளின் கைக்கு எட்டாத பரண். காலி அட்டைகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கச் சொல்லி, ஒவ்வொரு முறையும் செவிலியர் மிச்ச மாத்திரையை எண்ணிக் குறிக்க வேண்டும். நூறு கொடுத்து, 70 தாளில் குறிக்கப்பட்டிருந்தால், 30 இருக்க வேண்டும். இருபத்தைந்துதான் இருக்கிறதென்றால் உடனே சந்தேகக் கண்ணோடு பார்க்காதீர்கள். இரவு வலிக்குப் போட்டதைக் குறிக்க மறந்திருப்பார்கள், அதாவது வலி அடங்கவில்லை என்ற தகவல்தான் அந்த ஐந்து மாத்திரையில் ஒளிந்திருக்கும். வாரா வாரம் பத்து இருபது என்று காரணமில்லாமல் குறைந்தால் மட்டும், ஒரு நேரத்தில் கொடுக்கும் அளவை ஒரு வாரமாகக் குறைத்து, பொறுப்பை வேறொருவரிடம் மாற்றச் சொல்லலாம். நோயாளிக்கு மருந்தை நிறுத்துவது மட்டும் எந்த நிலையிலும் தீர்வாகாது. சீட்டின்படி வழங்கப்பட்ட மாத்திரையை நோயாளி வீட்டில் வைத்திருப்பது சட்டப்படி சரியானது. நகல் சீட்டு ஒன்று டப்பாவிலேயே இருக்கட்டும். மரணத்துக்குப் பின் மிஞ்சியதை ஒரு வாரத்துக்குள் எண்ணி, உறவினர் கையெழுத்தோடு வாங்கிவந்து பதிவேட்டில் ஏற்ற வேண்டும்.

மார்ஃபினோடு செவிலியர் பையில் இருக்க வேண்டியவை அதிகமில்லை. பேதி மாத்திரை, வாந்தி மாத்திரை, சிறுநீர்க் குழாய், கையுறை, பஞ்சு, கட்டுத்துணி, மெட்ரோனிடசோல் மாத்திரை. இந்தக் கடைசிப் பொருளைப் பற்றி மட்டும் இரண்டு வரி. மார்பகத்திலோ கன்னத்திலோ புற்றுப் புண் உடைந்து அழுகும்போது, நாற்றத்தால் வீட்டாரே அறைக்குள் வரத் தயங்குவார்கள். அரை லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஒரு தேக்கரண்டி உப்பைப் போட்டுக் கொதிக்க வைத்து ஆறியதும், அதனால் புண்ணைக் கழுவி, மெட்ரோனிடசோல் மாத்திரையை நைசாகப் பொடித்து மேலே தூவி, குக்கரில் ஆவி கட்டிய பழைய பருத்திச் சேலைத் துண்டால் கட்டினால், சில நாளில் நாற்றம் அடங்கும். செலவு சில ரூபாய். ஒரு முறை செவிலியர் செய்துகாட்டி, மறுமுறை வீட்டார் செய்யச் செவிலியர் பார்த்து, மூன்றாம் முறை அவர்களிடமே விட்டுவிட வேண்டும்.

ஒரு வாகனம், ஒரு செவிலியர், ஒரு உதவியாளர் என்றால் சமவெளியில் நாளைக்கு ஆறு முதல் எட்டு வீடு பார்க்கலாம். மலைப்பகுதியில் நான்கு. புதிதாக மார்ஃபின் தொடங்கியவரை முதல் வாரத்தில் இரண்டு முறையும், அளவு நிலைத்தவரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறையும், கடைசி நாட்களில் இருப்பவரைத் தேவைப்படும்போதெல்லாமும் பார்க்க வேண்டும். "எல்லாருக்கும் மாதம் ஒரு முறை" என்று சமமாகப் பங்கிட்டால், இரத்த அழுத்தம் பார்ப்பதற்கு அது போதும், மார்ஃபினுக்குப் போதவே போதாது. பணம் எங்கிருந்து என்று கேட்டால் கேரளத்தைப் பாருங்கள். 1993-இல் கோழிக்கோட்டில் வலி நிவாரணச் சங்கம் தொடங்கியது. 2001-இலிருந்து மலப்புறம் போன்ற மாவட்டங்களில் அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்கள் சிறு சிறு நன்கொடைகள் திரட்டி, செவிலியர் சம்பளத்தையும் வாகனத்தையும் தாங்கிக்கொண்டார்கள். 2008-இல் மாநில அரசு இதைக் கொள்கையாக அறிவித்ததும், ஊராட்சிகள் தங்கள் திட்ட நிதியிலிருந்து செவிலியரை அமர்த்தும் நிலை வந்தது. தன்னார்வலர்கள் அங்கே மருந்தைத் தொடுவதில்லை. யார் வீட்டில் யார் படுத்திருக்கிறார் என்று கண்டுபிடிப்பது, அரிசி, பள்ளிக் கட்டணம், ரேஷன் அட்டை போன்றவற்றைப் பார்ப்பது, ஆறுதலாகக் கூட இருப்பது அவர்கள் வேலை. உங்கள் ஒன்றியத்தில் ஆஷா பணியாளர்கள், மகளிர் குழுக்களை வைத்து அதே பங்கீட்டைச் செய்யலாம்.

சேவை நன்றாக நடக்கிறதா என்று அறிய, எத்தனை வீடு பார்த்தோம் என்ற எண்ணிக்கை உதவாது. இரண்டை மட்டும் மாதா மாதம் எழுதிவையுங்கள். ஒன்று, ஒருவர் பட்டியலில் வந்த நாளிலிருந்து அவருக்கு முதல் மார்ஃபின் மாத்திரை கிடைத்த நாள் வரை எத்தனை நாள். இன்னொன்று, அந்த மாதத்தில் அலமாரியில் மார்ஃபின் இல்லாமல் இருந்த நாட்கள். முதலாவது எண் ஏழுக்கு மேல் போனால் மருத்துவரின் நேரத்தையும் செவிலியரின் வழித்தடத்தையும் பாருங்கள். இரண்டாவது எண் பூஜ்யத்துக்கு மேல் இருந்தால், ஆணை எந்தத் தேதியில் போனது, எந்த மேசையில் எத்தனை நாள் நின்றது என்று பின்னோக்கிக் குறித்து, அந்தத் தாளோடு மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தையும் மாவட்டச் சுகாதார அலுவலரையும் பாருங்கள்.